மோதவே முடியாத குறியீடு, ஆனாலும் அடுத்தவர் பில் திறக்கிறது: லிங்க் சுருக்கியில் உதவி தேவை

ஈரோடு_செந்தில் · திங்கள், இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பார்த்துக்கொடுக்கிறேன். பில் போட்டதும் அதன் பிடிஎஃப் லிங்க் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ்ஸில் போகும். லிங்க் நீளமாக இருந்ததால் நானே ஒரு சுருக்கி எழுதினேன். பில் லிங்க் 7 நாளில் காலாவதியாக வேண்டும், எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கும் வேண்டும். கடைக்காரர் கேட்டது அவ்வளவுதான்.

டேபிளில் `id` தானாக ஏறும் எண். 100000-இலிருந்து தொடங்க வைத்தேன். அந்த எண்ணை 62 எழுத்து முறைக்கு (0-9, A-Z, a-z) மாற்றி அதையே குறியீடாக வைக்கிறேன். 100000 என்றால் `Q0u`. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே குறியீடு, எனவே இரண்டு லிங்க் மோத வாய்ப்பே இல்லை. லேப்டாப்பில் எஸ்க்யூலைட்டில் ஆயிரம் லிங்க் போட்டுச் சோதித்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை.

வெள்ளிக்கிழமை கடையின் சர்வரில் ஏற்றினேன். அங்கே மைஎஸ்க்யூஎல் 5.7. இன்றைக்கு மூன்று பேர் கடைக்கு போன் செய்திருக்கிறார்கள்: "என் லிங்க்கைத் திறந்தால் வேற ஒருத்தர் பில் வருது." ஒருவர் பெயர், ஜிஎஸ்டி எண், வாங்கிய விலை எல்லாம் இன்னொருவர் பார்த்துவிட்டார். முதலாளி எதுவும் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. கணக்குப்படி நடக்கவே முடியாதது எப்படி நடக்கிறது?

---

ராஜா_பிஎச்பி · திங்கள், இரவு 10:58

ப்ரோ, இது பிறந்தநாள் கணக்கு. குறியீடு குட்டியாக இருந்தால் நாம் நினைப்பதைவிட ரொம்ப சீக்கிரம் மோதும். நானே ஒரு தடவை எம்டி5-இல் முதல் 6 எழுத்தை வெட்டி வைத்திருந்தேன். மொத்தம் 1 கோடியே 67 லட்சம் குறியீடு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். 12 ஆயிரம் லிங்க்கில் நாலு ஜோடி மோதிவிட்டது. பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட 5 ஆயிரம் லிங்க் வந்தாலே ஒரு மோதலாவது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

நீங்கள் 3 எழுத்து வைத்திருக்கிறீர்கள். 6 அல்லது 7 எழுத்தாக்குங்கள், சரியாகிவிடும்.

---

ஈரோடு_செந்தில் · திங்கள், இரவு 11:05

ராஜா ப்ரோ, நான் ஹாஷ் போடவில்லை. எண்ணைத்தான் மாற்றி எழுதுகிறேன். 100016-உம் 100042-உம் ஒரே குறியீடாக எப்படி ஆகும்?

---

மாலதி_டேட்டாபேஸ் · திங்கள், இரவு 11:21

ராஜா சொன்ன கணக்கு சரி, ஆனால் அது இஷ்டத்துக்கு எடுக்கும் குறியீட்டுக்கும் ஹாஷுக்கும்தான். செந்திலுடையது வரிசை எண். குறியீடு உருவாகும் இடத்தில் மோதல் இல்லை. தேடும் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம்.

செந்தில், மூன்று விஷயம் சொல்லுங்கள். `SHOW CREATE TABLE links` என்ன காட்டுகிறது? `code` மேல் `UNIQUE` இருக்கிறதா, வெறும் இண்டெக்ஸா? போன் செய்த மூவருடைய பில் எண்ணும், அவர்களுக்குத் தவறாகத் திறந்த பில்லின் எண்ணும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன?

---

அச்சகம்_உமா · திங்கள், இரவு 11:30

எனக்கும் இதே தொல்லை! போன வருஷம் கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்து வரைபட லிங்க்கை ஒரு இலவசச் சுருக்கியில் போட்டு க்யூஆர் அடித்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்தத் தளமே திறக்கவில்லை. 600 பத்திரிகை ஏற்கெனவே கைக்குப் போய்விட்டது. காலாவதியான லிங்க்கைத் திரும்ப உயிர்ப்பிக்க ஏதாவது வழி உண்டா?

---

மாலதி_டேட்டாபேஸ் · திங்கள், இரவு 11:34

உமா அக்கா, உங்களுடையது வேறு பிரச்சினை. அடுத்தவர் டொமைனில் இருக்கும் லிங்க்கை நாம் எதுவும் செய்ய முடியாது. அச்சில் ஏறும் லிங்க் உங்கள் சொந்த டொமைனில் இருக்க வேண்டும், அப்போதுதான் போய்ச்சேரும் முகவரியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

---

ஈரோடு_செந்தில் · திங்கள், இரவு 11:52

மேடம், `code` `VARCHAR(10)`, கொலேஷன் `utf8mb4_unicode_ci`. `UNIQUE` போடவில்லை, `INDEX` மட்டும். மோதவே மோதாது என்று நம்பியதால் தேவையில்லை என்று விட்டேன்.

மூன்று ஜோடி எண்ணையும் எடுத்துப் பார்த்தேன். 100042-க்கு 100016 திறந்திருக்கிறது. 100245-க்கு 100219. 100490-க்கு 100464. மூன்றிலும் வித்தியாசம் சரியாக 26! இது என்ன 26?

---

மாலதி_டேட்டாபேஸ் · செவ்வாய், காலை 6:15

அந்த 26தான் பதில். ஆங்கில எழுத்து எத்தனை?

உங்கள் வரிசையில் `A` பத்தாவது மதிப்பு, `a` முப்பத்தாறாவது. இடையில் 26. 100016-இன் குறியீடு `Q1A`, 100042-இன் குறியீடு `Q1a`. உங்களுக்கு இவை இரண்டு. கொலேஷன் பெயரின் கடைசியில் `ci` இருக்கிறதே, அது பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்கிறது. அதனால் டேட்டாபேஸுக்கு இரண்டும் ஒன்றுதான். இதை ஓட்டிப் பாருங்கள்:

```sql
SELECT id, code FROM links WHERE code = 'Q1a';
```

இரண்டு வரி வரும். உங்கள் கோட் முதல் வரியை எடுத்துக்கொள்கிறது, அது சின்ன எண்ணுடைய `Q1A`.

எஸ்க்யூலைட்டில் `=` வைத்து ஒப்பிட்டால் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறுதான். அதனால்தான் லேப்டாப்பில் ஆயிரம் லிங்க்கும் தேறியது. சர்வரிலேயே சோதித்திருந்தாலும் முதல் 42 லிங்க் ஒழுங்காகத் திறந்திருக்கும், 43-ஆவதில்தான் பிசகியிருக்கும். பத்து லிங்க் போட்டுப் பார்க்கிற சோதனையில் இது சிக்காது.

`UNIQUE` போட்டிருந்தால் வெள்ளிக்கிழமையே 43-ஆவது பில்லில் `Duplicate entry` என்று கத்தியிருக்கும். ஒரு எஸ்எம்எஸ் போகாமல் நின்றிருக்கும், அடுத்தவர் பில் வெளியே போயிருக்காது. மோதாது என்று நமக்கு நிச்சயமாகத் தெரியும் இடத்திலும் நான் `UNIQUE` போடுவது இதற்காகத்தான். நம் நிச்சயமும் டேட்டாபேஸின் நிச்சயமும் ஒன்றா என்று அது ஒவ்வொரு முறையும் பார்த்துச் சொல்லும்.

எத்தனை லிங்க் அடிபட்டது என்று எண்ண:

```sql
SELECT COUNT(*) FROM links a
JOIN links b ON a.code = b.code AND a.id > b.id;
```

எண்ணிவிட்டு இதை ஓட்டுங்கள்:

```sql
ALTER TABLE links
  MODIFY code VARCHAR(10)
    CHARACTER SET ascii COLLATE ascii_bin NOT NULL,
  ADD UNIQUE KEY uq_code (code);
```

`_bin` என்றால் எழுத்தை உள்ளபடியே பைட்டாக ஒப்பிடும். டேபிளில் இருக்கும் குறியீடுகள் எதுவும் கெடவில்லை, பெரிய எழுத்து சின்ன எழுத்து அப்படியேதான் இருக்கின்றன. எனவே ஏற்கெனவே போன எஸ்எம்எஸ்கூட இந்த நிமிஷத்திலிருந்து சரியான பில்லைத் திறக்கும்.

---

ஈரோடு_செந்தில் · செவ்வாய், காலை 9:40

மேடம், கை நடுங்கிக்கொண்டே ஓட்டினேன். மொத்தம் 700 லிங்க், அதில் 286 அடிபட்டிருக்கிறது. `ALTER` ஓடிய பிறகு `Q1a` சரியான பில்லைக் காட்டுகிறது. ரொம்ப நன்றி.

இன்னொன்றும் இப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த 286 லிங்க்குக்கும் கிளிக் எண்ணிக்கை சுத்தமாக 0. யாரும் திறக்கவில்லை போல என்று சனிக்கிழமை நினைத்தேன். அவர்கள் திறந்ததெல்லாம் முந்தைய ஆளின் கணக்கில் ஏறியிருக்கிறது. அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் 100245 ஆள் இப்போது கூப்பிட்டு, இன்னும் பழைய தப்பு பில்தான் வருகிறது என்கிறார். என் போனில் அதே லிங்க் சரியாக வருகிறது!

---

ராஜா_பிஎச்பி · செவ்வாய், காலை 9:55

சர்வரில் கேஷ் இருக்கும் ப்ரோ. அதைக் காலி செய்துவிட்டு ரீஸ்டார்ட் அடியுங்கள்.

---

மாலதி_டேட்டாபேஸ் · செவ்வாய், காலை 10:10

கேஷ் என்பது சரி, இடம் வேறு. செந்தில், திருப்பி அனுப்பும்போது 301 கொடுக்கிறீர்களா?

301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று பொருள். பிரௌசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே லிங்க்கைத் தட்டினால் உங்கள் சர்வரைக் கேட்காமலே நேராகப் பழைய இடத்துக்குப் போய்விடும். அந்த ஆளின் போனில் `Q1a` போன்ற ஒரு லிங்க் தவறான பில்லோடு ஒட்டிக்கொண்டது. நீங்கள் டேபிளைத் திருத்தினாலும் அந்தச் செய்தி அவர் போனுக்குப் போகாது.

சுருக்கியில் 301 போட்டால் மூன்று வேலையும் சேர்ந்து கெடுகிறது. இரண்டாவது தடவை திறப்பது கணக்கில் வராது. 7 நாள் முடிந்த பிறகும் அந்தப் போனில் லிங்க் உயிரோடு இருக்கும். தவறான இடத்தைத் திருத்தவும் முடியாது. 302-க்கு மாற்றி, கூடவே `Cache-Control: no-store` அனுப்புங்கள்.

ஏற்கெனவே தவறாகத் தட்டியவர்களுக்கு இரண்டு வேலை பாக்கி. தவறாக வெளியே போன பில்களின் பிடிஎஃப் முகவரியை மாற்றுங்கள், பழைய முகவரி திறக்கக் கூடாது. பிறகு தட்டியவர்களுக்குப் புதுக் குறியீட்டில் லிங்க் அனுப்புங்கள்.

---

ஈரோடு_செந்தில் · செவ்வாய், காலை 10:26

301தான். எங்கோ படித்து அப்படியே போட்டது.

யார் தட்டினார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிளிக் கணக்கெல்லாம் மாறிக் கிடக்கிறதே.

---

மாலதி_டேட்டாபேஸ் · செவ்வாய், காலை 10:31

டேபிளை விடுங்கள். வெப் சர்வரின் `access.log`-இல் அவர்கள் கேட்ட பாதை எழுத்து மாறாமல் இருக்கும். `/Q1a` என்று கேட்டிருந்தால் `/Q1a` என்றே பதிவாகியிருக்கும். அடிபட்ட 286 குறியீட்டையும் ஒரு கோப்பில் போட்டு லாகோடு ஒப்பிடுங்கள். `grep`-க்கு `-i` மட்டும் போட்டுவிடாதீர்கள், அதே தப்பு திரும்ப வரும்.

---

ஈரோடு_செந்தில் · செவ்வாய், மதியம் 1:15

94 பேர் தட்டியிருக்கிறார்கள். மற்ற 192 பேர் இன்னும் திறக்கவே இல்லை, அவர்கள் தப்பித்தார்கள். பிடிஎஃப் முகவரிகளை மாற்றியாகிவிட்டது. 94 பேருக்கும் புது லிங்க் போய்விட்டது. யாருடைய பில் வெளியே போனதோ அவர்களை முதலாளியே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

---

அச்சகம்_உமா · செவ்வாய், மதியம் 2:05

நான் ஒன்று கேட்கலாமா? எதற்கு இந்தப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கலப்பே? என்னிடம் வருபவர்கள் லிங்க்கை போனில் வாசித்துக் காட்டுவார்கள். "க்யூ, ஒன்னு, ஏ" என்பார்கள். பெரிய ஏயா சின்ன ஏயா என்று யாரும் சொல்வதில்லை. ஒன்றா எல்லா, பூஜ்யமா ஓவா என்பது தனிச் சண்டை.

க்யூஆருக்கும் பெரிய எழுத்து மட்டும் இருந்தால்தான் நல்லது. பெரிய எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள முகவரிக்குக் கட்டம் குறைவாக, பெரிது பெரிதாக வரும். ஒரு சின்ன எழுத்து கலந்தாலும் கட்டம் நெருக்கமாகிவிடும், விசிட்டிங் கார்டு அளவில் அடித்தால் பழைய போன்கள் படிக்கத் திணறும். நான் `HTTPS://` என்று தொடக்கத்திலிருந்தே பெரிய எழுத்தில்தான் கொடுப்பேன். அந்தப் பகுதிக்கும் டொமைன் பெயருக்கும் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது.

---

மாலதி_டேட்டாபேஸ் · செவ்வாய், மதியம் 2:40

உமா அக்கா சொல்வது இந்த இழையிலேயே நல்ல யோசனை. குழப்பும் `I`, `L`, `O`, `U` நான்கையும் விட்டுவிட்டால் எண்ணோடு சேர்த்து 32 எழுத்து. எழுத்து குறைவதால் குறியீடு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். யாராவது சின்ன எழுத்தில் அடித்தால் பெரியதாக்கித் தேடலாம், `O` அடித்தால் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளலாம். கொலேஷன் எதுவாக இருந்தாலும் மோதாது.

செந்தில், இன்னொன்று இதைவிடப் பெரிது. உங்கள் குறியீடு வரிசையில் போகிறது. `Q1A` கிடைத்தவர் `Q1B` அடித்தால் அடுத்தவர் பில் திறக்கும். அதற்கு எந்தக் கோளாறும் தேவையில்லை. பில்லுக்கு வரிசைக் குறியீடு கூடவே கூடாது.

---

ராஜா_பிஎச்பி · செவ்வாய், மாலை 4:00

அதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. வரிசை எண்ணை ஒரு பெரிய எண்ணால் பெருக்கி, மொத்தக் குறியீட்டு எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடுத்தால் கலைந்துவிடும். பொதுக் காரணி இல்லாத எண்ணாகப் பார்த்தால் ஒன்றுகூட மோதாது, திரும்ப எண்ணாகவும் மாற்றலாம். மோதலும் இல்லை, யாரும் ஊகிக்கவும் முடியாது.

---

மாலதி_டேட்டாபேஸ் · செவ்வாய், மாலை 4:25

மோதாது என்பது சரி. ஊகிக்க முடியாது என்பதுதான் சரியில்லை. அடுத்தடுத்த இரண்டு பில் என் கையில் இருந்தால் இரண்டு குறியீட்டையும் கழித்துப் பார்ப்பேன். வருவதுதான் நீங்கள் பெருக்கிய எண். பிறகு எல்லா பில்லும் எனக்குத் திறந்த வீடு. பார்வைக்குக் கலைந்திருக்கிறது, பூட்டு இல்லை.

இந்த அளவுக்கு நான் செய்வது 32 எழுத்தில் 8 இடம், `random_int` வைத்து. மொத்தம் ஒரு லட்சம் கோடிக்கு மேல் குறியீடு. ஒரு லட்சம் லிங்க் உயிரோடு இருந்தாலும் குருட்டாம்போக்கில் ஒன்று மாட்ட ஒரு கோடிக்கு மேல் தடவை முயல வேண்டும், அதற்குள் ஐபி வாரியாகத் தடுத்துவிடலாம். மோதினால் `UNIQUE` பிடிக்கும், வேறு குறியீடு எடுத்து மறுபடி போட வேண்டும்:

```php
for ($i = 0; $i < 5; $i++) {
    $code = newCode(8);
    try { insertLink($code, $url, $exp); return $code; }
    catch (PDOException $e) {
        if ($e->errorInfo[1] != 1062) throw $e;
    }
}
throw new RuntimeException('no free code');
```

1062 என்பது மோதல் பிழை. அதற்கு மட்டும்தான் மறுமுயற்சி, மற்றப் பிழைகளை அப்படியே மேலே விடுங்கள். முதலில் `SELECT` போட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு `INSERT` போடுவது வேண்டாம். இரண்டு கவுண்டரில் ஒரே நொடியில் பில் போட்டால் இரண்டுமே "இல்லை" என்று பார்த்துவிட்டு இரண்டுமே எழுதும்.

---

ராஜா_பிஎச்பி · செவ்வாய், மாலை 4:50

கழித்தால் வந்துவிடும் என்பது தோன்றவே இல்லை மேடம். என்னுடைய ஒரு தளத்தில் அப்படித்தான் ஓடுகிறது. இன்று இரவே மாற்றுகிறேன்.

இருந்தாலும் சாவி வைத்துக் கலைத்தால், அதாவது ஃபைஸ்டல் முறையில், கழித்துப் பார்க்க முடியாது, மோதலும் வராது, மறுமுயற்சியும் வேண்டாம். லட்சக்கணக்கில் போகும் இடத்தில் அதுதான் மேல் என்று நான் இன்னும் நினைக்கிறேன்.

---

மாலதி_டேட்டாபேஸ் · செவ்வாய், மாலை 5:05

செய்யலாம். சாவியைத் தொலைக்காமலும் மாற்றாமலும் காப்பது உங்கள் பொறுப்பு. நான் மறுமுயற்சிக்கே ஓட்டுப் போடுவேன்.

---

ஈரோடு_செந்தில் · புதன், காலை 11:20

புதுக் குறியீட்டுக்கு மாறிவிட்டேன். காலாவதியைப் பற்றி ஒன்று. இரவு 12 மணிக்கு ஒரு கிரான் காலாவதியான வரிகளை `DELETE` செய்கிறது. பில்லுக்கு 7 நாள், லாரி ரசீதுக்கு 1 நாள். இது போதுமா?

---

மாலதி_டேட்டாபேஸ் · புதன், மதியம் 12:10

அழிப்பதை நம்பிக் காலாவதி வைக்காதீர்கள். மாலை 5 மணிக்கு முடிய வேண்டிய லிங்க் நள்ளிரவு வரை திறக்கும். கிரான் ஒரு நாள் ஓடவில்லை என்றால் அடுத்த நாளும் திறக்கும். திறக்கும்போதே `expires_at > UTC_TIMESTAMP()` என்று பாருங்கள். எழுதும்போதும் யூடிசியிலேயே எழுதுங்கள். இந்திய நேரத்தில் எழுதிவிட்டு யூடிசியோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு லிங்க்கும் ஐந்தரை மணி நேரம் கூடுதலாக உயிரோடு இருக்கும்.

அழித்ததில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. 5.7-இல் இன்னோடிபி அடுத்த எண்ணை நினைவகத்தில் மட்டும்தான் வைத்திருக்கும். ரீஸ்டார்ட் ஆனால் டேபிளில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அதற்கு அடுத்ததிலிருந்து தொடங்கும். சனிக்கிழமை கடைசியாகப் போட்டவை 101200 முதல் 101260 வரை எல்லாமே லாரி ரசீது என்று வையுங்கள். ஞாயிறு கடை லீவு, அன்று இரவு கிரான் அவற்றை அழிக்கிறது, திங்கள் காலை சர்வர் ரீஸ்டார்ட் ஆகிறது. புது பில்லுக்குத் திரும்ப 101200 கிடைக்கும். பழைய முறையில் அதே குறியீடு. சனிக்கிழமை எஸ்எம்எஸ்ஸைத் தட்டும் லாரிக்காரருக்குத் திங்கள்கிழமை பில் திறந்திருக்கும். 8.0-இல் அந்த எண்ணை டிஸ்க்கில் எழுதிவைக்கிறார்கள், அங்கே இது நடக்காது.

வரியை அழிக்காதீர்கள். போகும் முகவரியை மட்டும் காலி செய்து, குறியீட்டை அப்படியே விட்டுவிடுங்கள். `UNIQUE` அதை மறுபடி யாருக்கும் கொடுக்க விடாது. திறப்பவருக்கு 410 கொடுத்து, "இந்த லிங்க்கின் காலம் முடிந்தது, கடையைத் தொடர்புகொள்ளவும்" என்று தமிழில் ஒரு பக்கம் காட்டுங்கள்.

---

அச்சகம்_உமா · புதன், மதியம் 12:30

அந்தப் பக்கத்தில் கடை போன் நம்பரை மறக்காமல் பெரிதாகப் போடுங்கள் தம்பி. 404 மட்டும் வந்தால் ஜனங்கள் ஏமாற்று லிங்க் என்றுதான் நினைக்கிறார்கள்.

---

ஈரோடு_செந்தில் · வியாழன், இரவு 9:30

எல்லாம் செய்தாகிவிட்டது. ஒரே ஒரு குழப்பம் மிச்சம். 302-க்கு மாறியதும் கிளிக் எண்ணிக்கை எகிறுகிறது. ஒரே பில்லுக்கு 5, 6 என்று வருகிறது. முதலாளி "எத்தனை பேர் பார்த்தாங்க" என்று கேட்கிறார். எதைச் சொல்வது?

---

ராஜா_பிஎச்பி · வியாழன், இரவு 9:48

டேபிளில் இருக்கும் எண்ணை எடுத்து, பிஎச்பியில் ஒன்று கூட்டித் திரும்ப எழுதுகிறீர்களா? அப்படியானால் எண்ணிக்கை குறையத்தான் செய்யும், அதிகமாகாது. இதில் நான் அடிபட்டிருக்கிறேன். `clicks = clicks + 1` என்று டேட்டாபேஸையே கூட்டச் சொல்லுங்கள்.

---

மாலதி_டேட்டாபேஸ் · வியாழன், இரவு 10:15

ராஜா சொன்னது சரி. நான் இன்னும் ஒரு படி போய், எண்ணிக்கையை மட்டும் வைக்காமல் ஒவ்வொரு திறப்பையும் தனி டேபிளில் ஒரு வரியாக எழுதுவேன்: குறியீடு, நேரம், `User-Agent`, `GET`-ஆ `HEAD`-ஆ. வாடிக்கையாளர் அந்த லிங்க்கை வாட்ஸ்அப்பில் தன் கணக்குப்பிள்ளைக்கு அனுப்பினால், முன்னோட்டம் காட்ட அந்த ஆப்பே ஒரு தடவை திறந்து பார்க்கும். `User-Agent` `WhatsApp/` என்று தொடங்கும். அதை ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் பதிவை நீக்கவும் வேண்டாம், எண்ணும்போது தள்ளிக்கொள்ளலாம். நாளைக்கு இன்னொரு ரோபோ வந்தால் பழைய கணக்கையும் திருத்த முடியும்.

---

ஈரோடு_செந்தில் · வெள்ளி, காலை 8:05

தனி டேபிள் போட்டேன். ஒரு பில்லில் நேற்று இரவு 6 வரி. இரண்டு `WhatsApp/`. மீதி நாலும் ஒரே போன், ஒரே ஐபி, இருபது நிமிஷத்துக்குள். இதை ஒரு ஆள் என்று எழுதுவதா, நாலு பார்வை என்று எழுதுவதா?

---

மாலதி_டேட்டாபேஸ் · வெள்ளி, காலை 8:30

ஐபியை வைத்து ஆளை எண்ண மாட்டேன். மொபைல் நெட்டில் எத்தனையோ பேர் ஒரே ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள். "திறக்கப்பட்டதா, முதலில் எப்போது" என்று இரண்டு மட்டும் காட்டுவேன்.

---

ராஜா_பிஎச்பி · வெள்ளி, காலை 8:41

நான் அரை மணி நேரத்துக்குள் அதே போன், அதே ஐபி என்றால் ஒன்றாக எண்ணுகிறேன். நூற்றுக்கு நூறு சரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதலாளிகள் கேட்பது எண்ணைத்தான்.

---

ஈரோடு_செந்தில் · வெள்ளி, காலை 9:10

முதலாளியிடம் இரண்டையும் காட்டினேன். "பில்லைப் பார்த்துட்டாரா இல்லையான்னு தெரிஞ்சா போதும், பார்க்காதவங்களுக்கு நான் போன் பண்ணிக்குவேன்" என்றார். இப்போதைக்கு மாலதி மேடம் சொன்னபடி வைக்கிறேன். அந்த 94 பேரில் இன்னும் 11 பேர் புது லிங்க்கைத் திறக்கவில்லை, அந்தப் பட்டியலை அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.